தாடை அறுவைக்கு முன் எழுதும் விடுப்புக் கடிதம்

தாடை அறுவைச் சிகிச்சைக்கான விடுப்புக் கடிதம் மற்ற மருத்துவ விடுப்புக் கடிதங்களிலிருந்து ஒரு விதத்தில் மாறுபடுகிறது. காய்ச்சலுக்கோ விபத்துக்கோ எழுதும் கடிதம் உடல் படுத்த பிறகு எழுதப்படுகிறது. நாள் கணக்கு அதில் உத்தேசம்தான். தாடையின் எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தும் சிகிச்சையோ ஓராண்டுக்கு மேல் பல்லுக்குக் கம்பி போட்டு, அதன் முடிவில் தேதி குறித்துச் செய்யப்படுவது. எப்போது மருத்துவமனையில் சேர வேண்டும், எத்தனை நாள் பேச முடியாது, எப்போது மெல்லத் தொடங்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ஆகவே நிர்வாகம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் இந்தக் கடிதத்திலேயே விடை எழுதிவிடலாம். அதற்கு முதலில், தாடை எப்படி ஆறுகிறது என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவையில் நடப்பது

மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்திருந்தால் பற்கள் சரியாகக் கடிக்காது. சிலருக்குக் கீழ்த் தாடை முன்னே நீண்டிருக்கும். சிலருக்குப் பின்னே ஒடுங்கியிருக்கும். சிலருக்கு வாயை மூடினாலும் முன்பற்கள் சேராது. உணவை மெல்வதும் சில எழுத்துகளைச் சொல்வதும் கடினமாகும். எலும்பின் வளர்ச்சி நின்ற பிறகு, அதாவது பதின்பருவத்தின் இறுதியிலோ அதற்குப் பின்னோ, இதை அறுவையால் சரிசெய்கிறார்கள். மருத்துவர்கள் இதை ஆர்த்தோக்னாத்திக் சர்ஜரி என்கிறார்கள்.

மேல் தாடையைப் பல்வேர்களுக்கு மேலே குறுக்காக வெட்டித் தனியாக்கி, வேண்டிய இடத்துக்கு நகர்த்துவார்கள். கீழ்த் தாடையைக் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் இரு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, பற்கள் உள்ள முன்பகுதியை முன்னோ பின்னோ தள்ளி வைப்பார்கள். நகர்த்திய எலும்பைச் சிறிய டைட்டானியத் தகடுகளும் திருகாணிகளும் பிடித்துக்கொள்ளும். வெட்டுகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் தையல் தெரியாது. முழு மயக்கத்தில் சில மணி நேரம் நடக்கும் இந்த அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும்.

வெளியே தையல் இல்லாததால்தான் அலுவலகத்தில் இதன் கனம் தெரிவதில்லை. பல் பிடுங்கியதைப் போன்ற ஒன்று என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது திட்டமிட்டு உண்டாக்கிய எலும்பு முறிவு. கை முறிந்தால் எலும்பு கூடுவதற்கு எத்தனை வாரம் ஆகுமோ, தாடைக்கும் ஏறக்குறைய அத்தனை வாரம் ஆகும்.

ஆறும் காலம் மூன்று கட்டம்

முதல் இரண்டு வாரம் முதல் கட்டம். அறுவை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் முகவீக்கம் உச்சத்துக்குப் போகும்; பிறகு மெல்ல வடியும். மேல் தாடையில் அறுவை நடந்திருந்தால் மூக்கு அடைத்திருக்கும், ஆனால் சிந்தக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க முடியும் என்பதால் தூக்கம் துண்டு துண்டாகும். மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் சிறிய ரப்பர் வளையங்கள் இணைத்திருக்கும். வாய் சிறிதளவே திறக்கும். கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய பருப்புச் சாறு, மோர், பால் போன்றவற்றைச் சிரிஞ்சிலோ சிறு குவளையிலோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்த வேண்டும். ஒரு குவளை கஞ்சி குடிக்கவே அரை மணி நேரம் பிடிக்கலாம். உதடும் மோவாயும் மரத்திருப்பதால் கஞ்சி வழிவதுகூடத் தெரியாது. இந்தக் கட்டத்தில் எடை குறைவதும் உடல் சோர்வதும் வழக்கம்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை இரண்டாம் கட்டம். வீக்கம் பெருமளவு வடிந்திருக்கும். நடமாட்டம், படிப்பு, எழுத்து ஆகியவற்றுக்குத் தடை இராது. ஆனால் எலும்பு இன்னும் உறுதிப்படவில்லை. குழைந்த சாதம், கூழ், மசித்த இட்லி போன்ற மெல்ல வேண்டாத உணவே உண்ண வேண்டும். ரப்பர் வளையங்கள் தொடரும். பேச்சு வரும், ஆனால் குழறும். பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் தாடைத் தசை வலிக்கும். கனம் தூக்கக் கூடாது. முகத்தில் அடி படும் வாய்ப்புள்ள எந்த வேலையும் கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் எலும்பு கூடியபின் மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. மெல்லும் உணவைப் படிப்படியாகச் சேர்க்கலாம், வழக்கமான வேலையைச் செய்யலாம். மோவாயின் மரமரப்பு சில மாதம் நீடிக்கலாம். சிலருக்குச் சிறிதளவு நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. பல் கம்பி இன்னும் பல மாதம் இருக்கும். இவை எதற்கும் விடுப்பு தேவைப்படாது. மருத்துவரைப் பார்க்கச் சில மணி நேர அனுமதி போதும்.

முதல் கட்டத்தில் வேலைக்கு வர இயலாது. இரண்டாம் கட்டத்தில் வரலாம், ஆனால் எல்லா வேலையும் செய்ய இயலாது. மூன்றாம் கட்டத்தில் எல்லாம் செய்யலாம். நல்ல கடிதம் இந்த மூன்றையும் தனித்தனியே சொல்லும். பெரும்பாலான கடிதங்கள் முதல் கட்டத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. அதனால் திரும்பி வந்த முதல் நாளே, வாயைத் திறக்க முடியாத ஒருவரிடம் தொலைபேசி ஒப்படைக்கப்படுகிறது.

எத்தனை நாள் கேட்பது

விடுப்பின் நீளம் அறுவையை மட்டும் பொறுத்ததல்ல, வேலையையும் பொறுத்தது. ஒரு தாடையில் மட்டும் அறுவை செய்துகொண்ட, கணினி முன் அமர்ந்து தனியே வேலை செய்யும் ஒருவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். ஆசிரியர், வரவேற்பாளர், வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்பவர் போன்று பேச்சையே தொழிலாகக் கொண்டவருக்கு நான்கு வாரமாவது வேண்டும். மூட்டை தூக்குபவர், இயந்திரப் பட்டறையில் நிற்பவர், காவல் பணியில் இருப்பவர் ஆகியோருக்கு எலும்பு கூடும் வரை, ஆறு வாரமோ அதற்கு மேலோ தேவைப்படலாம். இவை பொதுவான அளவுகள். ஒவ்வொருவருக்கும் உரிய நாள் கணக்கை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம், “எத்தனை நாள் லீவ் வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். “நாளுக்கு நான்கு மணி நேரம் போனில் பேச வேண்டிய வேலை; எப்போது தொடங்கலாம்?” என்று கேட்டால் கடிதத்துக்கு வேண்டிய பதில் கிடைக்கும்.

பலர் பத்து நாள் கேட்டால் எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணி, பிறகு இரண்டு முறை நீட்டிக்கக் கேட்கிறார்கள். நிர்வாகத்துக்கு இது நான்கு வார விடுப்பைவிட அதிகத் தொல்லை. நான்கு வாரம் என்று முதலிலேயே தெரிந்தால் மாற்று ஆள் போடலாம். பத்து நாளுக்கு யாரும் ஆள் போடுவதில்லை, வேலையைத் தேக்கி வைப்பார்கள். தேங்கிய வேலை, விடுப்பில் இருப்பவரைத் தேடி வீட்டுக்கே வரும்.

ஒரு கணக்கு

கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகம் விற்கும் ஒரு தனியார் நிறுவனத்தில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணிபுரியும் 26 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அவருடைய வேலையில் பாதி தொலைபேசி, பாதி பில் போடுவதும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும். வாரம் ஆறு நாள் வேலை. இரண்டு தாடையிலும் அறுவை. தேதி 2026 பிப்ரவரி 4, புதன்கிழமை. முந்தைய நாளே மருத்துவமனையில் சேர வேண்டும் என்பதால் விடுப்பு பிப்ரவரி 3 அன்று தொடங்குகிறது. பேசும் வேலை என்பதால் மருத்துவர் நான்கு வார ஓய்வு சொல்கிறார். பிப்ரவரி 28, சனிக்கிழமை வரை விடுப்பு. மார்ச் 2, திங்கட்கிழமை பணிக்குத் திரும்புகிறார்.

நாட்காட்டியில் இது 26 நாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 23 வேலைநாள். இந்த 23 நாளுக்கு எந்தக் கணக்கிலிருந்து விடுப்பு எடுப்பது என்பது அடுத்த கேள்வி. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், தன் வரம்புக்குள் வரும் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. தொடர்ந்து 12 மாதம் பணிபுரிந்தவருக்கு மேலும் 12 நாள் சம்பள விடுப்பு உண்டு. அலுவலகங்களில் கடைசியாகச் சொன்னதை ஈட்டிய விடுப்பு, ஈ.எல்., பி.எல். என்று பல பெயரில் சொல்கிறார்கள். நோய் விடுப்பையும் தற்செயல் விடுப்பையும் அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைக்க இயலாது. ஈட்டிய விடுப்பை ஓரளவு சேர்க்கலாம்.

இந்தப் பெண்ணுக்கு நோய் விடுப்பு 12 நாளும், சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு 15 நாளும் கையிருப்பு. பன்னிரண்டையும் எடுத்து, ஈட்டிய விடுப்பில் 11 நாளைச் சேர்த்தால் 23 ஆகிவிடுகிறது. சம்பளப் பிடித்தம் இல்லை; ஈட்டிய விடுப்பில் 4 நாள் மிஞ்சுகிறது. தற்செயல் விடுப்பை அவர் தொடவில்லை. அறுவைக்குப் பின் நான்காம் வாரமும் ஆறாம் வாரமும் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். அந்த நாட்களுக்கு அது உதவும். அவ்வளவு கையிருப்பு இல்லாதவர் மிஞ்சும் நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேட்டு, அதையும் எண்ணிக்கையோடு கடிதத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரியவரும்.

கடிதம்

கடிதத்தை ஆறு ஏழு வாரம் முன்பே கொடுப்பது நல்லது. அதற்கு முன் நேரடி மேலாளரிடம் வாய்மொழியாக ஒருமுறை சொல்லிவிட வேண்டும், எச்.ஆர். வழியாக அவருக்குச் செய்தி போவது வருத்தத்தை உண்டாக்கும். மேற்சொன்ன கணக்கின்படி கடிதம் இவ்வாறு அமையும்.

> 15.12.2025
> கோயம்புத்தூர்
>
> பெறுநர்
> மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
> நகல்: மனிதவளப் பிரிவு
>
> பொருள்: தாடை அறுவைச் சிகிச்சைக்காக 03.02.2026 முதல் 28.02.2026 வரை மருத்துவ விடுப்பு வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> எனக்கு 04.02.2026 அன்று இரண்டு தாடை எலும்புகளிலும் அறுவைச் சிகிச்சை செய்ய மருத்துவர் தேதி குறித்துள்ளார். முழு மயக்கத்தில் செய்யப்படும் இந்தச் சிகிச்சைக்காக 03.02.2026 அன்று மருத்துவமனையில் சேர வேண்டும். மெல்லுவதிலும் கடிப்பதிலும் உள்ள குறையைச் சரிசெய்ய இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டுள்ளது. மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.
>
> மருத்துவரின் அறிவுரைப்படி 03.02.2026 முதல் 28.02.2026 வரை 23 வேலைநாட்களுக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் 12 நாட்களை நோய் விடுப்பிலும் 11 நாட்களை ஈட்டிய விடுப்பிலும் கணக்கிடலாம். 02.03.2026 அன்று பணிக்குத் திரும்புவேன்.
>
> திரும்பிய பிறகு 18.03.2026 வரை என்னால் தொடர்ந்து பேச இயலாது. அந்நாட்களில் தொலைபேசிப் பணிக்குப் பதிலாக பில், மின்னஞ்சல் பணிகளை முழுநேரமும் பார்க்கத் தயாராக உள்ளேன். நீர்த்த உணவைச் சிறிது சிறிதாக உண்ண வேண்டியிருப்பதால், காலையிலும் மாலையிலும் 20 நிமிட இடைவேளை தேவைப்படும். 04.03.2026, 18.03.2026 ஆகிய நாட்களில் பிற்பகல் மருத்துவரைப் பார்க்க அரைநாள் தற்செயல் விடுப்பு வேண்டும்.
>
> என் பொறுப்பில் உள்ள வாடிக்கையாளர் கணக்குகளின் பட்டியலையும், நிலுவையில் உள்ள புகார்களின் நிலையையும் 31.01.2026க்குள் எழுதி ஒப்படைத்துவிடுவேன். விடுப்பின் முதல் இரண்டு வாரம் என்னால் தொலைபேசியில் பேச இயலாது. அவசரமெனில் குறுஞ்செய்தி அனுப்பலாம். இயன்றபோது பதில் எழுதுவேன்.
>
> காய்ச்சலோ சளியோ ஏற்பட்டால் அறுவைத் தேதி மாறக்கூடும். மாறினால் அன்றே தெரிவித்து, விடுப்புத் தேதிகளைத் திருத்தித் தருகிறேன். திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் மருத்துவரின் தகுதிச் சான்றையும் அளிப்பேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், கையொப்பம்)

மின்னஞ்சலாக அனுப்பினாலும், அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினாலும் அடுக்கு இதுவே. ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். விடுப்புச் செயலியில் பதிவு செய்யும் நிறுவனங்களில் நாட்களை அதிலும் பதிந்து, இந்தக் கடிதத்தை இணைக்க வேண்டும். செயலியில் காரணத்துக்கு ஒரு வரிதான் இடம் இருக்கும். திரும்பிய பின் பேச இயலாது என்பதற்கு அங்கே இடமில்லை.

சொற்களின் தேர்வு

கடிதத்தில் “தாடை எலும்புகளில் அறுவைச் சிகிச்சை”, “முழு மயக்கம்” என்ற இரண்டும் இருப்பதற்குக் காரணம் உண்டு. “பல் சிகிச்சை” என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வருவது வேர்ச் சிகிச்சையோ பல் பிடுங்குவதோதான். அதற்கு 23 நாளா என்ற கேள்வி எழும். ஆர்த்தோக்னாத்திக் என்ற சொல்லை மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. எலும்பு, மயக்கம் என்ற சொற்கள் எல்லோருக்கும் புரிந்தவை. நாள் கணக்கின் நியாயத்தை அவையே சொல்லிவிடும்.

“மெல்லுவதிலும் கடிப்பதிலும் உள்ள குறை” என்ற தொடரும் அப்படியே. தாடை அறுவையால் முகத்தோற்றம் மாறுவதால் இதை அழகுக்கான சிகிச்சை என்று சிலர் நினைக்கிறார்கள். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் செலவைக் கோர இருப்பவருக்கு இது முக்கியம். இந்தியாவின் மருத்துவக் காப்பீடுகள் அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சையைப் பொதுவாக ஏற்பதில்லை. குறை செயல்பாட்டைச் சார்ந்தது என்பது மருத்துவரின் கடிதத்தில் இருக்க வேண்டும். விடுப்புக் கடிதமும் அதே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். இல்லாத குறையை இருப்பதாக எழுதக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் நோய் விவரம் வேண்டாம். எக்ஸ்ரே, முகப் படங்கள், எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துகிறார்கள் என்பது போன்றவை நிர்வாகத்துக்குத் தேவையில்லாதவை. கடிதம் பல கைகளுக்குப் போகும். விடுப்பை முடிவு செய்ய வேண்டிய விவரம் மட்டும் அதில் இருந்தால் போதும்.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றியும் கவனம் வேண்டும். கை நன்றாகத்தானே இருக்கிறது, லேப்டாப்பில் பார்க்கலாமே என்று நிர்வாகம் கேட்பது இயல்பு. எழுதுபவருக்கும் அப்படியே தோன்றும். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் உடலுக்குக் கிடைப்பது கஞ்சியும் பாலும்தான், தூக்கம் குறைவு, வலி மருந்து மந்தத்தைத் தரும். அந்த நாட்களுக்கு வேலை வாக்களித்தால் அதைக் காப்பாற்ற முடியாது. விருப்பமிருந்தால் மூன்றாம் வாரத்திலிருந்து, மருத்துவர் அனுமதித்தால், நாளுக்குச் சில மணி நேரம் என்று எழுதலாம். ஆனால் வேலை செய்யும் நாளை விடுப்பில் கழிக்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. நோய்க்கால உதவியாகச் சராசரி நாள்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாள்கூலி 600 ரூபாய் எனில் நாளுக்கு 420 ரூபாய். நோயின் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். அதற்குப் பொதுவாக உதவி இல்லை.

இதற்குத் தகுதி பெற, முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய பங்களிப்பு, அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலான உதவிக்குக் கணக்கில் வரும். எனவே 2026 பிப்ரவரியில் அறுவை என்றால் பார்க்க வேண்டியது 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு. நவம்பரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் இந்த உதவி கிடைக்காது. அறுவையைச் சில மாதம் தள்ளிவைக்க மருத்துவர் ஒப்பினால், இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவைப்பது பயன் தரும்.

இரண்டு தவறுகள் இங்கே அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ஒரே நாளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் நோய்க்கால உதவியையும் சேர்த்துக் கோருவது. அதற்கு விதி இடம் தருவதில்லை. எந்த நாட்களுக்கு விடுப்புச் சம்பளம், எந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. என்பதைக் கடிதத்திலேயே பிரித்து எழுத வேண்டும். மற்றொன்று, தனியார் மருத்துவமனையின் சான்றை மட்டும் நம்பி இருந்துவிடுவது. உதவிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். அறுவை வேறிடத்தில் நடப்பதானால், அதற்கு முன்பே தனக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

தேதி மாறினால், நாள் நீண்டால்

திட்டமிட்ட அறுவையும் தள்ளிப்போகக் கூடும். மயக்க மருந்துக்கான குழாய் பெரும்பாலும் மூக்கு வழியே செலுத்தப்படுவதால், சளியும் இருமலும் இருந்தால் மயக்க மருத்துவர் தள்ளிவைப்பார். பல் வரிசை இன்னும் தயாராகவில்லை என்று கம்பி போட்ட மருத்துவரே சொல்வதும் உண்டு. அப்படி நடந்தால் புதிய தேதி தெரியும் வரை காத்திராமல், பழைய தேதி ரத்தானதை அன்றே ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்தவருக்கு அந்த ஒரு நாள் முன்னறிவிப்பே பெரிய உதவி.

அறுவைக்குப் பின் நாள் நீள்வதற்குக் காரணங்கள் குறைவு, ஆனால் உண்டு. வாய்க்குள் காயத்தில் தொற்று ஏற்படலாம்; தகடு தளரலாம்; மருத்துவர் ரப்பர் வளையங்களை எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக நீட்டிக்கலாம். குறைந்து வந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் மீண்டும் ஏறுவது, காய்ச்சல், வாயில் கெட்ட வாடை, பற்கள் முன்பு பொருந்திய இடத்தில் பொருந்தாதது ஆகியவை அதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் கூடுதல் ஓய்வு சொன்னால் அந்தச் சான்றின் நகலோடு, விடுப்பு முடியும் முன்பே நீட்டிப்புக் கடிதம் போக வேண்டும். அது நான்கு வரிக்கு மேல் வேண்டாம்: முதல் கடிதத்தின் தேதி, நீட்டிக்கும் காரணம், புதிய திரும்பும் நாள், எந்த விடுப்பில் கழிப்பது.

திரும்பும் நாள்

பணிக்குத் திரும்பும்போது இரண்டு தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. சேர்ந்த நாளும் அறுவையின் பெயரும் வெளிவந்த நாளும் அதில் இருக்கும். மற்றொன்று, வேலைக்குத் தகுதியானவர் என்ற சான்று. இந்தச் சான்றில் வெறுமனே “தகுதியானவர்” என்றிருந்தால், முதல் கடிதத்தில் கேட்ட வேலை மாற்றத்துக்கு அதுவே தடையாகிவிடும். தகுதியானவர் என்றால் தொலைபேசியையும் எடுக்கலாமே என்று கேட்க இடமுண்டு. “18.03.2026 வரை தொடர்ந்து பேசும் பணி, கனம் தூக்கும் பணி தவிர்த்து மற்ற பணிகளுக்குத் தகுதியானவர்” என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனையை விட்டு வரும் நாளிலேயே இதைச் சொல்லிவைத்தால், நான்காம் வாரச் சந்திப்புக்கு முன்பே திரும்புபவருக்கும் சான்று தயாராகிவிடும்.

பயணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு, முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் வீங்கிய கன்னத்தை அழுத்தும். அதன் பட்டை சரியாக மோவாயின் கீழே இறுகும். ஹெல்மெட் இல்லாமல் வருவது அதைவிட ஆபத்து. மருத்துவர் அனுமதிக்கும் வரை பேருந்திலோ வேறொருவரின் காரிலோ வர வேண்டியிருக்கும். அதனால் காலையில் அரை மணி நேரம் தாமதமாகலாம் எனில் அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

உணவு நேரத்தில் மிக்சியில் அரைத்த சாதத்தையோ ராகிக் கூழையோ குடுவையில் கொண்டுவந்து, மெல்ல உண்டு, ஒவ்வொரு முறையும் கம்பிக்கும் தையலுக்கும் இடையே தங்கியதை வாய் கொப்பளித்து நீக்க வேண்டும். கடிதத்தில் கேட்ட 20 நிமிட இடைவேளை இதற்காகத்தான். ஆறாம் வாரச் சந்திப்பில் எலும்பு கூடியதை மருத்துவர் உறுதிசெய்ததும், வழக்கமான பணிக்குத் திரும்பலாம் என்ற கடைசிச் சான்றை வாங்கி மனிதவளப் பிரிவில் கொடுத்தால், டிசம்பரில் எழுதிய அந்தக் கடிதத்தின் வேலை முடிகிறது.